200 பக்க போர்டு பேக்... இயக்குநர் முதலில் படிக்கும் 2 பக்கம்: 'கவர் நோட்' ஏன் முக்கியம், எப்படி எழுதுகிறார்கள்?

2007 செப்டம்பர். மெல்போர்னைத் தலைமையிடமாகக் கொண்ட சென்ட்ரோ என்ற ஷாப்பிங் சென்டர் குழுமத்தின் இயக்குநர்கள் கூடி, ஆண்டுக் கணக்கு அறிக்கைக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். எல்லோருமே அனுபவசாலிகள். தணிக்கையாளரும் கணக்கைப் பார்த்துவிட்டார். ஆனால் அந்த அறிக்கையில் ஒரு பெரிய தவறு இருந்தது. ஓராண்டுக்குள் திருப்பிக் கட்டியாக வேண்டிய சுமார் 150 கோடி ஆஸ்திரேலிய டாலர் கடன், பிறகு கட்டலாம் என்கிற நீண்டகாலக் கடன் பட்டியலில் உட்கார்ந்திருந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் கடனைப் புதுப்பிக்க முடியாமல் நிறுவனம் தடுமாறியபோதுதான் முதலீட்டாளர்களுக்கு விஷயம் புரிந்தது. பங்கு விலை சரிந்தது. ஆஸ்திரேலியாவின் கம்பெனி ஒழுங்குமுறை ஆணையம், 7 இயக்குநர்கள் மீதும் தலைமை நிதி அதிகாரி மீதும் வழக்குப் போட்டது.

வழக்கில் இயக்குநர்கள் தரப்பு சொன்ன சமாதானங்களில் ஒன்று, இன்றைக்கும் பல அலுவலகங்களில் கேட்கக்கூடியது: எங்களுக்கு வந்த காகிதங்கள் அவ்வளவு அதிகம், அதில் இது கண்ணில் படவில்லை. 2011 ஜூனில் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ஜான் மிடில்டன் இதை ஏற்கவில்லை. தனக்கு என்ன தகவல், எந்த வடிவில், எவ்வளவு வர வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் இயக்குநர் குழுவிடமே இருக்கிறது; தகவல் மலைபோல் குவிந்தால் அதைத் தடுத்திருக்க வேண்டியதும் அவர்கள்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தக் குறுகியகாலக் கடன்கள் பற்றிய விவரம், முன்பே அவர்களுக்கு அனுப்பப்பட்ட போர்டு காகிதங்களில் இருந்தது என்பதுதான் இதில் வேதனையான பகுதி.

அதாவது தகவல் இருந்தது. அதை எடுத்து, 'இதைப் பாருங்கள், இதில்தான் நீங்கள் முடிவெடுக்கிறீர்கள்' என்று காட்டும் ஒரு பக்கம் அவர்கள் கண்முன் வேலை செய்யவில்லை. அந்த ஒரு பக்கத்தின் பெயர்தான் கவர் நோட்.

போர்டு பேக் என்றால் என்ன?

ஒரு கம்பெனியின் இயக்குநர்கள் கூட்டத்துக்கு முன்பு, அவர்களுக்கு அனுப்பப்படும் மொத்தக் காகிதக் கட்டுதான் போர்டு பேக். இப்போது பெரும்பாலும் பிடிஎஃப் ஆகவோ, ஒரு ஆப் வழியாகவோ போகிறது. சென்ற கூட்டத்தின் மினிட்ஸ், காலாண்டுக் கணக்கு, கடன் வாங்கும் திட்டம், வழக்குகளின் நிலவரம் என்று ஒவ்வொரு விஷயத்துக்கும் தனித்தனிக் குறிப்பு அதில் இருக்கும். ஒவ்வொரு குறிப்பையும் 'பேப்பர்' என்றே அலுவலகங்களில் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டின் மேலே வைக்கப்படும் 2 அல்லது 3 பக்கம்தான் கவர் நோட். பேப்பர் வாரியாக அது 3 கேள்விகளுக்குப் பதில் சொல்லும்: இது என்ன, ஏன் இப்போது வந்திருக்கிறது, இயக்குநர்கள் என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலும் இதை எழுதுவது கம்பெனி செகரட்டரி, அல்லது அவரிடம் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்திலேயே 'அந்த கவர் நோட்டை நீங்களே ஒரு டிராஃப்ட் போட்டுடுங்க' என்று இது மேசைக்கு வந்துவிடும்.

நம் ஊர் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 4 போர்டு கூட்டங்கள் நடக்க வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. கூட்ட அறிவிப்பு குறைந்தது 7 நாள் முன்பு போய்ச் சேர வேண்டும்.

கம்பெனி செகரட்டரிகள் நிறுவனமான ஐசிஎஸ்ஐ வெளியிட்ட செயலகத் தரநிலை 1, இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிகழ்ச்சி நிரலும் அதற்கான குறிப்புகளும்கூட 7 நாள் முன்பே போக வேண்டும் என்கிறது. ஒப்புதல் தேவைப்படும் ஒவ்வொரு விஷயத்துக்கும், அதன் அர்த்தம், வீச்சு, விளைவு ஆகியவற்றை இயக்குநர் புரிந்துகொள்ளும் அளவுக்கு முக்கிய உண்மைகள் குறிப்பில் இருக்க வேண்டும். அந்த விஷயத்தில் எந்த இயக்குநருக்காவது சொந்த அக்கறை இருந்தால் அதுவும் சொல்லப்பட வேண்டும்.

'கவர் நோட்' என்று தனியாக ஒன்று வேண்டும் எனச் சட்டம் கேட்கவில்லை. ஆனால் 149-வது பிரிவின் 12-வது உட்பிரிவைப் படித்தால் அதன் எடை புரியும். நிர்வாகத்தில் இல்லாத இயக்குநர் எப்போது பொறுப்பாவார் என்பதைச் சொல்லும் இடம் அது. போர்டு நடைமுறைகள் வழியாக அவருக்குத் தெரிந்திருந்து, அவர் சம்மதத்தோடோ உடந்தையோடோ நடந்தவை, அல்லது அவர் உரிய கவனத்தோடு செயல்படாதவை அதில் அடங்கும்.

'போர்டு நடைமுறைகள் வழியாகத் தெரிந்தது' என்பதை எப்படி நிரூபிப்பார்கள்? முதலில் எடுத்துப் பார்ப்பது பேக்கையும் மினிட்ஸையும்தான். கவர் நோட்டில் ஒரு வரி தெளிவாக இருந்தால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது கஷ்டம். அந்த வரி மழுப்பலாக இருந்தால், 'எங்களிடமிருந்து மறைத்தார்கள்' என்ற பேச்சு வரும். எழுதுபவர், படிப்பவர் இருவருக்குமே இதனால்தான் அந்த 2 பக்கம் சாதாரணமில்லை.

ஒரு பேக்கைத் திறந்து பார்ப்போம்

புரிவதற்காக ஒரு கற்பனை கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப், மோட்டார் தயாரிக்கும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத ஒரு பொது நிறுவனம். ஆண்டு விற்பனை 140 கோடி ரூபாய். நவம்பர் 14 அன்று போர்டு கூட்டம். பேக்கில் 9 பேப்பர், மொத்தம் 212 பக்கம்.

முதலில் தயாரான கவர் நோட்டில், இரண்டு பேப்பர்களைப் பற்றி இப்படி எழுதியிருந்தது:

> பேப்பர் 4: புதிய மோட்டார் வைண்டிங் லைன் – விரிவாக்கத் திட்டம். நிர்வாகம் விரிவான அறிக்கை தயாரித்துள்ளது. இயக்குநர்கள் பரிசீலிக்கவும்.
>
> பேப்பர் 7: கிடங்கு குத்தகை புதுப்பிப்பு. தகவலுக்காக.

பார்க்க நீட்டாக இருக்கிறது. ஆனால் இரண்டுமே ஆபத்தானவை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பேப்பர் 4: 'பரிசீலிக்கவும்' என்றால் என்ன செய்வது?

விரிவாக்கத் திட்டம் என்று சொல்லப்பட்டது உண்மையில் 24 கோடி ரூபாய் வங்கிக் கடன். கம்பெனிக்காகக் கடன் வாங்குவது, 179-வது பிரிவுப்படி போர்டு கூட்டத்தில் தீர்மானம் போட்டுச் செய்ய வேண்டிய வேலை. ஆக இங்கே இயக்குநர்களிடம் கேட்பது பரிசீலனை அல்ல, ஒரு வாக்கு. அதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

அடுத்தது, அந்த வாக்கைத் தீர்மானிக்கக்கூடிய எண். இந்தக் கடனைப் பொறுத்தவரை அது டிஎஸ்சிஆர் என்று வங்கியாளர்கள் சொல்லும் விகிதம். ஒரு வருடத்தில் கடன் கட்டுவதற்குக் கையில் இருக்கும் பணத்தை, அந்த வருடம் கட்ட வேண்டிய அசல், வட்டித் தொகையால் வகுத்தால் கிடைப்பது.

கணக்கைப் பார்ப்போம். இப்போது கம்பெனியிடம் கடன் கட்ட ஆண்டுக்கு 10.8 கோடி இருக்கிறது. கட்ட வேண்டியது 6 கோடி. விகிதம் 1.8. வசதியான நிலைமைதான். புதுக் கடன் வந்தால், தவணை தொடங்கும் முதல் ஆண்டில் கூடுதலாக 4 கோடி அசலும் 2.4 கோடி வட்டியும் சேரும். அப்போது கட்ட வேண்டியது மொத்தம் 12.4 கோடி. புது லைனிலிருந்து ஆண்டுக்கு 8 கோடி கூடுதல் பணம் வரும் என்று நிர்வாகம் நம்புகிறது. வந்தால் 18.8 கோடியை 12.4-ஆல் வகுக்க வேண்டும். விகிதம் சுமார் 1.52. சமாளிக்கலாம்.

ஆனால் எதிர்பார்த்ததில் பாதிதான் வந்தால்? 14.8 கோடியை 12.4-ஆல் வகுத்தால் 1.19. இங்கேதான் சிக்கல். ஏற்கெனவே கடன் கொடுத்த வங்கியின் ஒப்பந்தம், இந்த விகிதம் 1.25-க்குக் கீழே போகக் கூடாது என்கிறது. போனால் வட்டியைக் கூட்டலாம், கடனை உடனே திரும்பக் கேட்கவும் செய்யலாம். இன்னொரு விதமாகச் சொன்னால், 8 கோடியில் குறைந்தது 4.7 கோடியாவது வந்தே ஆக வேண்டும்.

இந்தத் தகவல் பேப்பரில் இல்லாமல் இல்லை. 41-வது பக்கத்தில், ஒரு அட்டவணையின் கடைசி வரிசையில், சிறிய எழுத்தில் இருந்தது. சென்ட்ரோவிலும் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்: இருந்தது, ஆனால் கண்ணில் படும் இடத்தில் இல்லை.

திருத்தப்பட்ட கவர் நோட் இப்படி ஆனது:

> பேப்பர் 4: புதிய மோட்டார் வைண்டிங் லைனுக்கு 24 கோடி ரூபாய் கடன் – தீர்மானத்துக்கு (பக்கம் 28–63, தயாரித்தவர்: தலைமை நிதி அதிகாரி)
>
> கேட்பது: 6 ஆண்டில் திருப்பிக் கட்டும் 24 கோடி ரூபாய் கடனுக்கு ஒப்புதல். வரைவுத் தீர்மானம் பக்கம் 62.
>
> ஏன் இப்போது: இயந்திர விலைப்புள்ளி நவம்பர் 30 வரைதான் செல்லும்.
>
> கவனிக்க வேண்டியது: புது லைனிலிருந்து ஆண்டுக்கு 4.7 கோடிக்குக் கீழே வந்தால், தற்போதைய வங்கியுடன் உள்ள 1.25 விகித நிபந்தனை மீறப்படும். நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு 8 கோடி (பக்கம் 41).
>
> இன்னும் உறுதியாகாதது: எதிர்பார்க்கும் விற்பனையில் எழுத்துபூர்வ ஆர்டர் எவ்வளவு என்பது பேப்பரில் இல்லை. நிர்வாகம் கூட்டத்தில் விளக்கும்.
>
> வேறு வழிகள்: முதல் கட்டம் மட்டும் 14 கோடிக்கு, அல்லது விலைப்புள்ளியை நீட்டிக்கக் கேட்டு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பது.
>
> பங்குதாரர் ஒப்புதல்: தேவையில்லை. மொத்தக் கடன் 180-வது பிரிவின் வரம்புக்குள் இருக்கிறது (பக்கம் 60).

சுமார் நூறு வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் இதைப் படித்த இயக்குநர் கூட்டத்துக்கு வரும்போது, 'திட்டம் நல்லா இருக்கு' என்று தலையாட்ட மாட்டார். 'கையில் எத்தனை கோடிக்கு ஆர்டர் இருக்கு சார்?' என்று கேட்பார். விவாதம் எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே தொடங்கும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: கவர் நோட் 'கடன் வேண்டாம்' என்று சொல்லவில்லை. 'வாங்கலாம்' என்றும் சொல்லவில்லை. பரிந்துரை செய்வது பேப்பரை எழுதிய அதிகாரியின் வேலை. அந்தப் பரிந்துரை எந்த எண்ணில் நிற்கிறது, எந்த எண்ணில் விழும் என்று காட்டுவதுதான் கவர் நோட்டின் வேலை.

பேப்பர் 7: 'தகவலுக்காக' என்ற வார்த்தைக்குள் ஒளிந்தது

கிடங்கு குத்தகை. மாதம் 3.5 லட்சம் ரூபாய், 5 ஆண்டு. மொத்தம் 2.1 கோடி. 24 கோடிக்குப் பக்கத்தில் வைத்தால் சின்ன விஷயம். அதனால்தான் 'தகவலுக்காக' என்று முத்திரை குத்தப்பட்டது. ஆனால் அந்தக் கிடங்கின் சொந்தக்காரர் ஒரு கூட்டு நிறுவனம். அதில் ஒரு பங்காளி, இந்தக் கம்பெனி இயக்குநர் ஒருவரின் உடன்பிறந்த தம்பி.

இது தெரிந்ததும் கதை மாறிவிடுகிறது. இயக்குநரின் உறவினர் பங்காளியாக இருக்கும் கூட்டு நிறுவனம், சட்டத்தின் கண்ணில் 'தொடர்புடைய தரப்பு'. 188-வது பிரிவுப்படி அத்தகைய குத்தகைக்குப் போர்டு கூட்டத்தில் தீர்மானம் தேவை. வழக்கமான தொழில் நடவடிக்கையாகவும், வெளியாளோடு பேசுவதுபோல நியாய விலையிலும் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அப்படித்தான் இருக்கிறது என்று காட்ட ஆதாரம் வேண்டும். இந்தப் பேப்பரில் சந்தை வாடகை பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதற்கான விதிகள், நிகழ்ச்சி நிரலிலேயே என்னென்ன சொல்ல வேண்டும் என்று பட்டியல் போடுகின்றன: தொடர்புடைய தரப்பின் பெயரும் உறவும், ஒப்பந்தத்தின் தன்மை, காலம், மதிப்பு, முன்பணம், விலை எப்படி நிர்ணயிக்கப்பட்டது. அக்கறை உள்ள இயக்குநர் அந்த விவாதத்தின்போது அறையில் இருக்கக் கூடாது. இந்த அளவு விற்பனையுள்ள பொது நிறுவனத்தில் தணிக்கைக் குழுவும் இருக்கும். அது முதலில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

ஆக, திருத்திய குறிப்பு:

> பேப்பர் 7: இயக்குநரின் உறவினர் பங்காளியாக உள்ள நிறுவனத்திடம் கிடங்கு குத்தகை – தீர்மானத்துக்கு (பக்கம் 151–158)
>
> கேட்பது: மாதம் 3.5 லட்சம் வீதம் 5 ஆண்டு, மொத்தம் 2.1 கோடி ரூபாய் குத்தகைக்கு ஒப்புதல்.
>
> அக்கறை உள்ளவர்: அவரது பெயரும் உறவும் பக்கம் 152-இல். விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் அவர் இருக்க மாட்டார்.
>
> விலை: அதே பகுதியில் உள்ள இரண்டு கிடங்குகளின் வாடகை ஒப்பீடு பக்கம் 155-இல் புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளது.
>
> முன்பு பார்த்தவர்கள்: தணிக்கைக் குழு. அதன் முடிவு பக்கம் 157.

வாடகை ஒப்பீடு 'புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளது' என்பதைப் பாருங்கள். கவர் நோட்டை ஒழுங்காக எழுத உட்கார்ந்தபோதுதான், பேப்பரில் அது இல்லை என்பதே தெரிந்தது. நல்ல கவர் நோட்டின் பாதிப் பயன் இதுதான். இயக்குநர் படிப்பதற்கு முன்பே, அது பேப்பரின் ஓட்டையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றே முத்திரைதான், ஆனால் சரியாகக் குத்தணும்

பெரும்பாலான கம்பெனிகள் ஒவ்வொரு பேப்பருக்கும் மூன்றில் ஒரு முத்திரை கொடுக்கின்றன: தீர்மானத்துக்கு, விவாதத்துக்கு, தகவலுக்கு. பார்க்க எளிது. தவறு நடப்பதும் அதிகம் இங்கேதான்.

எந்த முத்திரை என்று சந்தேகம் வந்தால், ஒரு பழைய செகரட்டரி உத்தி இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகு எழுதப்போகும் மினிட்ஸை இப்போதே எழுதிப் பார்ப்பது. 'தீர்மானிக்கப்பட்டது' என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டி வந்தால் அது தீர்மானத்துக்கான பேப்பர். 'நிர்வாகம் இன்ன திசையில் போகலாம் என்று இயக்குநர்கள் கருத்துத் தெரிவித்தனர்' என்றால் விவாதத்துக்கு. 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்பதோடு முடிந்துவிட்டால் தகவலுக்கு.

கடன் பேப்பருக்கு அந்த வாக்கியத்தை எழுத முயன்றால், உடனே கேள்விகள் வரும். எந்த வங்கி? எவ்வளவு? யார் கையெழுத்துப் போடுவது? எந்தச் சொத்து அடமானம்? இதில் ஏதாவது ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால், அந்தப் பேப்பர் இன்னும் தீர்மானத்துக்குத் தயாராகவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டதை 'தீர்மானத்துக்கு' என்று அனுப்பினால், கூட்டத்தில் அரை மணி நேரம் பேசி, கடைசியில் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

வரிசையும் முக்கியம். தகவலுக்கான 4 பேப்பரை முதலில் வைத்து, முக்கியமான தீர்மானத்தைக் கடைசியில் வைத்தால், எல்லோரும் ஃப்ளைட் டைம் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் 24 கோடிக்கு வருவார்கள். அதனால் சென்ற கூட்டத்தின் மினிட்ஸ் போன்ற நடைமுறை விஷயங்கள் முடிந்ததும், தீர்மானங்களை மேலே கொண்டுவருவது நல்லது.

எங்கே சறுக்கும்? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சறுக்கல், எண் மாறிப்போவது. கவர் நோட் எழுதி முடித்த பிறகு நிதிப் பிரிவிலிருந்து, 'ஒரு சின்ன கரெக்‌ஷன், இந்த வெர்ஷனைப் போட்டுடுங்க' என்று புதுப் பேப்பர் வரும். பேப்பரில் கடன் 24 கோடியிலிருந்து 26 கோடி ஆகியிருக்கும். கவர் நோட்டில் 24 அப்படியே நிற்கும். இயக்குநர்கள் எதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள் என்பதே பிறகு தகராறாகும். இதற்கு மருந்து, கவர் நோட்டின் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பக்க எண் போடுவது. பேக்கை அனுப்பும் அன்று காலை, இன்னொருவர் அந்தப் பக்கங்களை மட்டும் திறந்து ஒப்பிட வேண்டும். கால் மணி நேர வேலைதான்.

இரண்டாவது, கடைசி நேரப் பேப்பர். அனுப்பும் நாளும் கூட்ட நாளும் 7 நாள் கணக்கில் சேராது. நவம்பர் 14 கூட்டத்துக்கு மின்னஞ்சல் நவம்பர் 6-ஆம் தேதியே போய்விட வேண்டும். அப்படியென்றால் பேப்பர்கள் செகரட்டரி கைக்கு அதற்கும் சில நாள் முன்பே வந்தாக வேண்டும். நிகழ்ச்சி நிரலில் இல்லாததைக் கூட்டத்தில் எடுக்க வழி உண்டு. தலைவரின் அனுமதியும் பெரும்பான்மை இயக்குநர்களின் சம்மதமும் வேண்டும். ஆனால் அது அவசரத்துக்கான கதவு. பேப்பர் தாமதமாக வந்தால், கவர் நோட்டிலேயே 'இது நவம்பர் 10 அன்று தனியாக அனுப்பப்பட்டது' என்று எழுதிவிடுவது நேர்மையான வழி. படிக்க எத்தனை நாள் கிடைத்தது என்பதும் இயக்குநர் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மைதான்.

மூன்றாவது சறுக்கல் கொஞ்சம் சங்கடமானது. திட்டத்தை விரும்பும் அதிகாரியே கவர் நோட்டின் வரிகளையும் எழுதிக் கொடுப்பது. அப்போது 'நிறுவனத்தின் வளர்ச்சிப் பயணத்தில் ஒரு மைல்கல்' போன்ற வாக்கியங்கள் வரும், 1.25 என்ற எண் வராது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அந்த வாக்கியத்தை நீக்கிப் பார்ப்பது. நீக்கிய பிறகும் இயக்குநரின் முடிவு மாறாது என்றால் அந்த வாக்கியம் தேவையில்லை. மாறும் என்றால் அதை எண்ணோடு எழுத வேண்டும்.

ஒரு ஜூனியர், சீஃப் ஃபைனான்ஷியல் ஆபீசரின் வாக்கியத்தை வெட்டுவது நடக்கிற காரியமா என்று கேட்கலாம். 'சார், இதை எடுத்துட்டேன்' என்று சொன்னால் சண்டைதான் வரும். 'சார், 41-ஆம் பக்கத்து எண்ணைப் பற்றி போர்டில் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அதை முன்பக்கத்திலேயே போட்டுவிடட்டுமா?' என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். அதே கேள்வியைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் முதல் முறையாகச் சந்திக்க எந்த அதிகாரிக்கும் விருப்பம் இருக்காது.

கவர் நோட்டைப் படித்தால் மட்டும் போதுமா?

போதாது. இதையும் சென்ட்ரோ வழக்கே தெளிவாக்கிவிட்டது. நிர்வாகத்தையும் தணிக்கையாளரையும் நம்பினோம் என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. கணக்கு அறிக்கை போன்ற அடிப்படையான விஷயத்தை இயக்குநர் தானே படித்து, தனக்குத் தெரிந்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். இறுதியில் தலைமைச் செயல் அதிகாரிக்கு 30,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம். தலைமை நிதி அதிகாரி 2 ஆண்டுகளுக்கு நிறுவனங்களை நிர்வகிக்கத் தடை. நிர்வாகத்தில் இல்லாத இயக்குநர்களுக்குத் தனி தண்டனை இல்லை. ஆனால் கடமை தவறினார்கள் என்ற அறிவிப்பு அவர்கள் பெயரோடு பதிவாகிவிட்டது.

ஆகவே கவர் நோட் என்பது 212 பக்கத்துக்கு மாற்று இல்லை. எந்தப் பக்கத்தை முதலில், எந்தக் கேள்வியோடு திறக்க வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டிப் பலகை. அதிலேயே எல்லாவற்றையும் திணித்து 15 பக்கம் ஆக்கினால், அதற்கு ஒரு கவர் நோட் எழுத வேண்டி வரும்!

அடுத்த முறை 'ஒரு டிராஃப்ட் போட்டுடுங்க' என்று இந்த வேலை உங்கள் மேசைக்கு வந்தால், எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யலாம். பேக்கை மூடி வைத்துவிட்டு, கவர் நோட்டை மட்டும் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுங்கள். 'இந்தக் கூட்டத்தில் நீங்கள் எத்தனை விஷயத்துக்குக் கை தூக்க வேண்டும்? எதில் பணம் போகும் ஆபத்து இருக்கிறது? யார் எழுந்து வெளியே போக வேண்டும்?' என்று கேளுங்கள். கோவை கம்பெனியின் முதல் வரைவைப் படித்தவரால் இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்ல முடிந்திருக்காது. இரண்டாவதைப் படித்தவர், 41-ஆம் பக்கத்தைத் தேடிப் போயிருப்பார்.